யாருக்கும் தன் சீட்டே வராத குலுக்கல்: எண்ணும் முறையும் 0.3679 வரும் வழியும்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் நம்மூர் அலுவலகங்களில் ‘கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட்’ விளையாட்டு தொடங்கிவிடும். எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு, ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். எந்தப் பெயர் வருகிறதோ அவருக்கு ரகசியமாகப் பரிசு தர வேண்டும். தன் பெயர் தனக்கே வந்துவிட்டால் ஆட்டம் கெட்டது.

ஒருவருக்குக்கூடத் தன் சீட்டு வராமல் குலுக்கல் முடிய எவ்வளவு வாய்ப்பு? நான்கு பேர் என்றால் 0.375. பத்துப் பேர் என்றால் 0.3679. ஆயிரம் பேர் என்றாலும் அதே 0.3679. ஆள் எண்ணிக்கை கூடக் கூட வாய்ப்பு குறைந்துகொண்டே போகும் என்றுதான் முதலில் தோன்றும். அது ஏன் குறைவதில்லை என்பதைக் கையால் எண்ணியே பார்த்துவிடலாம்.

எல்லாப் பொருளும் தன் இடத்தை விட்டு மாறியிருக்கும் வரிசைமாற்றத்துக்கு டிரேஞ்ச்மென்ட் என்று பெயர். n பொருள்களுக்கு அப்படிப்பட்டவை எத்தனை என்பதை D(n) என்று குறிப்போம்.

படி 1: சிறிய எண்களைக் கையால் எழுதுங்கள்

ஆட்களுக்கு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். 231 என்று எழுதினால் முதல் ஆளுக்கு 2-ஆம் சீட்டு, இரண்டாம் ஆளுக்கு 3, மூன்றாம் ஆளுக்கு 1 என்று பொருள். மூன்று பேருக்கு மொத்தம் 6 வரிசைகள். அவற்றில் தேறுபவை 231, 312 இரண்டு மட்டுமே. ஆக D(3) = 2.

நான்கு பேருக்கு 24 வரிசைகள். முதல் இடத்தில் 2 வருபவை 2143, 2341, 2413. 3 வருபவை 3142, 3412, 3421. 4 வருபவை 4123, 4312, 4321. ஆக D(4) = 9. இந்தப் பட்டியலை ஒருமுறை நீங்களே எழுதிப் பார்ப்பது நல்லது, அடுத்த படியில் வரும் விடையைச் சரிபார்க்க இதுதான் துணை. ஐந்து பேருக்கு 120 வரிசைகளை எழுதும் வேலையில் மட்டும் இறங்காதீர்கள்.

படி 2: கழித்து, கூட்டி, மறுபடி கழிப்பது

நான்கு பேரையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 24. இதிலிருந்து ‘யாரோ ஒருவருக்குத் தன் சீட்டு வந்த’ வரிசைகளைக் கழிக்க வேண்டும்.

முதல் ஆளுக்குத் தன் சீட்டு வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், மீதி மூவர் எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாம், 3! = 6 வழி. இப்படி நான்கு பேருக்கும் சேர்த்து 4 × 6 = 24. இதைக் கழித்தால் மிஞ்சுவது பூஜ்யம்! பலரும் இந்த இடத்தில்தான் குழம்பி நிற்பார்கள். காரணம் எளிது: 1-ஆம் ஆளுக்கும் 2-ஆம் ஆளுக்கும் தன் சீட்டே வந்த 1243 என்ற வரிசை, 1-க்காக ஒரு முறையும் 2-க்காக ஒரு முறையும் ஆக இரண்டு முறை கழிபட்டிருக்கிறது.

கூடுதலாகக் கழித்ததைத் திருப்பித் தர வேண்டும். நால்வரில் இருவரைத் தேர்ந்தெடுக்க 6 வழி, மீதி இருவர் எடுக்க 2! = 2 வழி, ஆக 12 கூட்டுகிறோம். இப்போது மூவருக்குத் தன் சீட்டு வந்த வரிசைகளைக் கூடுதலாகத் திருப்பித் தந்திருக்கிறோம். அதற்காக 4 × 1! = 4 கழிக்கிறோம். கடைசியாக நால்வருக்கும் தன் சீட்டு வந்த ஒன்றைக் கூட்டுகிறோம்.

24 − 24 + 12 − 4 + 1 = 9

பட்டியலில் கிடைத்த அதே 9. இது தற்செயலா என்று சந்தேகம் வந்தால் ஒரு வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு அது எத்தனை முறை எண்ணப்பட்டது என்று பாருங்கள். 1243 முதலில் ஒரு முறை எண்ணப்பட்டது, பிறகு இரண்டு முறை கழிபட்டது, பிறகு ஒரு முறை கூட்டப்பட்டது: 1 − 2 + 1 = 0. எல்லோருக்கும் தன் சீட்டு வந்த 1234-க்கு 1 − 4 + 6 − 4 + 1 = 0. வேண்டாத வரிசை ஒவ்வொன்றும் இப்படிப் பூஜ்யமாகிவிடும். 2143 போன்றவை முதல் 24-இல் மட்டுமே இருப்பதால் ஒரு முறை எண்ணப்பட்டு அப்படியே நிற்கும்.

இந்த வழி பழையது. 1708-இல் பிரெஞ்சுக் கணிதர் பியேர் ரேமோன் த மோன்மோர் 13 சீட்டுகளை வைத்து ஆடும் ‘திரேஸ்’ என்ற சூதாட்டத்தைப் பற்றி எழுதியபோது இந்தக் கேள்வி எழுந்தது. ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டே சீட்டைத் திருப்ப வேண்டும், சொன்ன எண்ணும் சீட்டும் பொருந்தினால் வெற்றி. அவரது நூலின் 1713 பதிப்பில் நிக்கோலாஸ் பெர்னூலியின் தீர்வும் இடம்பெற்றது.

படி 3: n எங்கே காணாமல் போகிறது?

இந்தப் படியை அவசரப்படாமல் படியுங்கள். 24 − 24 + 12 − 4 + 1 என்பதை மொத்தமான 24-ஆல் வகுத்தால் கிடைப்பது:

1 − 1 + 1/2 − 1/6 + 1/24

கீழே இருப்பவை 2!, 3!, 4!. நான்கு பேர் என்ற தகவல் எந்த உறுப்பிலும் இல்லை, கூட்டல் எங்கே நிற்கிறது என்பதில் மட்டும்தான் இருக்கிறது. ஐந்து பேர் என்றால் இதே வரிசையோடு − 1/120 என்று ஒன்று சேரும், அவ்வளவுதான்.

ஏன் இப்படி? n பேரில் ஒருவருக்குத் தன் சீட்டு வரும் வாய்ப்பு 1/n. அப்படிப்பட்ட ஆட்கள் n பேர். பெருக்கினால் 1. ஆள் கூடினால் ‘யாராவது மாட்டுவார்’ என்ற அபாயம் கூடுகிறது, ஆனால் ஒவ்வொருவரும் மாட்டும் வாய்ப்பு அதே அளவுக்குக் குறைகிறது. பத்துப் பேரானாலும் ஆயிரம் பேரானாலும், ஒரு குலுக்கலில் சராசரியாக ஒரே ஒருவருக்குத்தான் தன் சீட்டு வரும்.

ஜோடிகளுக்கும் இதே கதைதான். n பேரில் n(n−1)/2 ஜோடிகள். ஒரு ஜோடியில் இருவருக்குமே தன் சீட்டு வரும் வாய்ப்பு 1/(n(n−1)). பெருக்கினால் 1/2. மூவராகப் பார்த்தால் 1/6. பொதுவாக k பேரைத் தேர்ந்தெடுக்கும் வழிகளை (n−k)! ஆல் பெருக்கினால் n!/k! வரும், மொத்தமான n! ஆல் வகுத்தவுடன் 1/k! மட்டும் நிற்கும்.

D(n)/n! = 1 − 1 + 1/2! − 1/3! + … ± 1/n!

படி 4: எங்கே போய் நிற்கிறது?

உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள்.

```
n    D(n)     D(n)/n!
2       1     0.500000
3       2     0.333333
4       9     0.375000
5      44     0.366667
6     265     0.368056
7    1854     0.367857
8   14833     0.367882
```

ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே என்று மாறி மாறி ஆடுகிறது, ஆட்டத்தின் வீச்சு மிக வேகமாகச் சுருங்குகிறது. e^x என்பதன் விரிவு 1 + x + x²/2! + x³/3! + … அதில் x = −1 என்று போட்டால் நம் கூட்டல்தான். ஆகவே இது சென்று சேரும் இடம் 1/e = 0.367879…

n-இல் நிறுத்தினால் பிழை எவ்வளவு? அடுத்து வரவேண்டிய உறுப்பான 1/(n+1)! ஐ விடக் குறைவு. இதை n! ஆல் பெருக்கினால் 1/(n+1), n எதுவானாலும் அது அரையைத் தாண்டாது. எனவே n!/e ஐ அருகிலுள்ள முழு எண்ணாக மாற்றினாலே D(n) கிடைத்துவிடும். 120/e = 44.15, விடை 44. 720/e = 264.87, விடை 265.

படி 5: கணினியில் போடும்போது

அந்தக் குறுக்குவழி பெரிய எண்களில் காலை வாரிவிடும். சாதாரண தசம எண் கணக்கில் சுமார் 15, 16 இலக்கங்கள்தான் சரியாக நிற்கும். D(20) = 895014631192902121, மொத்தம் 18 இலக்கங்கள். அந்த அளவில் கணினி அடுத்தடுத்துக் குறிக்கக்கூடிய தசம எண்களுக்கிடையே 128 இடைவெளி இருப்பதால் கடைசி இலக்கங்கள் தப்பாகத்தான் வரும். முழு எண்ணாகவே கணக்கிடுங்கள்:

```python
def D(n):
    d = 1
    for k in range(1, n + 1):
        d = k * d + (-1) ** k
    return d
```

படி 3-இன் சூத்திரத்தில் ஒரு உறுப்பு கூடுவதைத்தான் நான்காம் வரி செய்கிறது. D(4) = 9, D(5) = 5 × 9 − 1 = 44.

இரண்டு தவறுகள்

முதலாவது: ‘ஒருவர் தப்பிக்கும் வாய்ப்பு 1 − 1/n, ஆகவே n பேரும் தப்பிக்க (1 − 1/n)^n’ என்று போடுவது. n பெரிதானால் இதுவும் 1/e-ஐ நோக்கியே போகும் என்பதால் தவறு கண்ணில் படாது. n = 10-க்குப் போட்டுப் பாருங்கள்: 0.3487 வரும், சரியான விடை 0.3679. ஒருவர் எடுத்த சீட்டு இன்னொருவருக்குக் கிடைக்காது, ஆகவே இவை ஒன்றையொன்று சாராத நிகழ்வுகள் அல்ல.

இரண்டாவது குலுக்கலையே கெடுப்பது. தன் சீட்டு வந்தவர் மட்டும் அதைத் திரும்பப் போட்டு வேறொன்று எடுப்பதுதான் பல இடங்களில் வழக்கம். மீனா, ரவி, ஸ்டெல்லா இந்த வரிசையில் எடுப்பதாகக் கொள்வோம். மீனாவுக்கு ரவி, ஸ்டெல்லா இரண்டில் ஒன்று, ஆளுக்குப் பாதி வாய்ப்பு. மீனா ஸ்டெல்லாவை எடுத்தால் ரவிக்கு மீனா, ஸ்டெல்லாவுக்கு ரவி என்று முடிந்துவிடும்: வாய்ப்பு 1/2. மீனா ரவியை எடுத்தால், ரவி பாதி நேரம் ஸ்டெல்லாவை எடுப்பார், ஆட்டம் நல்லபடி முடியும்: 1/4. மீதிப் பாதி நேரம் ரவி மீனாவை எடுக்க, கடைசியில் ஸ்டெல்லாவிடம் அவர் சீட்டே மிஞ்சும்: இன்னொரு 1/4. இப்படிச் சிக்கும்போது மட்டும் முதலிலிருந்து தொடங்கினால், சமமாக வரவேண்டிய இரண்டு முடிவுகளில் ஒன்று 2/3, மற்றது 1/3 என்றாகிவிடும்.

ஒருவருக்குத் தன் சீட்டு வந்தாலும் எல்லாச் சீட்டையும் திரும்பப் போட்டு முழுதாகக் குலுக்குவதே சரியான வழி. வெற்றி வாய்ப்பு 0.3679 என்பதால் சராசரியாக 2.72 முறை குலுக்கினால் போதும். பத்து முறை குலுக்கியும் அமையாமல் போகும் வாய்ப்பு சுமார் நூறில் ஒன்று.

கணவன் மனைவி இருவரும் ஒரே ஆட்டத்தில் இருந்து, ‘துணையின் சீட்டும் வரக்கூடாது’ என்று விதி வைத்தால் 1/e பொருந்தாது. இப்போது ஒவ்வொருவருக்கும் ஆகாத சீட்டு இரண்டு, வேண்டாத பொருத்தங்களின் சராசரியும் 2, எனவே பின்னம் சென்று சேரும் இடம் 1/e², ஏறத்தாழ 0.135. ஆனால் அங்கே போய்ச் சேர்வது மெதுவாகத்தான். மூன்று தம்பதிகள் என்றால் 720-இல் 80 மட்டுமே தேறும், அதாவது 0.111, சராசரியாக 9 முறை குலுக்க வேண்டியிருக்கும்.