படிக்கட்டு ஸ்லாப்: மேல் மடிப்பில் அடிக்கம்பியை வளைக்காதீர்கள்

பாலக்கோடு பக்கம் ஒரு வீட்டு வேலையில், புதிதாகத் தொழிலுக்கு வந்திருந்த பொறியாளர் ஒருவர் தமது முதல் படிக்கட்டுக்குக் கம்பி கட்டி முடித்துவிட்டு, கான்கிரீட் போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடும்படி என்னை அழைத்திருந்தார். கம்பியின் அளவு, இடைவெளி, கவர் பிளாக் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் படிகள் மேலேறி லேண்டிங்கைத் தொடும் இடத்தில், அடிக்கம்பி அத்தனையையும் சென்ட்ரிங் பலகையின் மடிப்பை ஒட்டி வளைத்து, லேண்டிங்கின் அடிப்பக்கத்திலேயே கொண்டுபோயிருந்தார்கள். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் செய்த பிழை இது. இன்னும் அது ஓயவில்லை என்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. கம்பியைக் குறைப்பது, துருப்பிடித்த கம்பியைப் போடுவது போன்ற எல்லோருக்கும் தெரிந்த தவறுகளை விட்டுவிட்டு இதைப் பற்றியே எழுதுகிறேன்.

எது எதைத் தாங்குகிறது என்று பார்க்காமல் கம்பி கட்டுவது

படிகள்தாம் சுமையைத் தாங்குகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். முக்கோணமாக நிற்கும் படிகள் சரிவான ஸ்லாபின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் எடை மட்டுமே; தாங்குவது அவற்றின் அடியில் ஓடும் வெயிஸ்ட் ஸ்லாப். நம் வீடுகளில் அது பெரும்பாலும் கீழே ஒரு பீமிலும், மேலே லேண்டிங்கின் கடைசியில் உள்ள சுவரிலும் உட்காருகிறது. ஆகவே அது ஏறும் திசையில் தொய்கிறது. தொய்யும்போது மேற்பரப்பு நெருக்கப்படுகிறது, அடிப்பரப்பு இழுபடுகிறது. கான்கிரீட் நெருக்கத்தைத் தாங்கும் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இழுவிசையைத்தான் தாங்கும் என்பதால், இழுபடும் அடிப்பக்கத்தில், ஏறும் திசையிலேயே மெயின் கம்பி வருகிறது. பக்கத்துச் சுவரைப் பிறகு எழுப்பி ஸ்லாபை ஒட்டிப் பூசினால் அந்தச் சுவர் தாங்கியாகிவிடாது.

ஓர் அளவை எடுத்துக்கொள்வோம். 10 அடி உயரத்து மாடிக்கு இரண்டு வரிசையாகப் படி ஏறுகிறது. ஒவ்வொரு படியும் 150 மி.மீ. உயரம், 250 மி.மீ. அகலம், லேண்டிங் 1 மீட்டர். படிவரிசையும் லேண்டிங்கும் சேர்ந்து தாங்கிக்குத் தாங்கி ஏறத்தாழ 3.4 மீட்டர் வருகிறது. 150 மி.மீ. வெயிஸ்ட் ஸ்லாபின் எடை, தரையளவில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 450 கிலோ. படிகள் 190 கிலோ. கிருஷ்ணகிரிப் பக்கம் யாரும் விடாமல் பதிக்கும் கிரானைட்டும் அதன் அடிக்கலவையும் 130 கிலோ. ஆட்களுக்கு 300 கிலோ. மொத்தம் 1,070 கிலோ. இதற்கு 12 மி.மீ. கம்பியை 200 மி.மீ. இடைவெளியில் போட்டால் போதும். குறுக்கே 8 மி.மீ. கம்பி 250 மி.மீ. இடைவெளியில் வரும்.

மேல் மடிப்பில் அடிக்கம்பியை வளைத்துக் கொண்டுபோவது

மேற்சொன்ன படிக்கட்டில் லேண்டிங் தொடங்கும் மடிப்பு, சுவரிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டரில் இருக்கிறது. அந்த இடத்தில் ஸ்லாபின் வளைவு விசை, நடுவில் இருக்கும் உச்ச அளவில் 85 விழுக்காடு. அதாவது அடிக்கம்பி ஓய்ந்திருக்கும் இடமில்லை அது. கிட்டத்தட்ட முழு இழுப்பில் இருக்கும் இடம்.

ஒரு கயிற்றை வளைத்துப் பிடித்து இரு முனையையும் இழுத்தால் அது நேராகத்தான் பார்க்கும். மடிப்பில் வளைத்த அடிக்கம்பியும் அதையே செய்கிறது. ஒரு பக்கம் சரிவின் வழியே கீழ்நோக்கியும், மறுபக்கம் கிடையாக லேண்டிங்கை நோக்கியும் இழுபடும்போது, மடிப்பில் இருக்கும் கம்பி கான்கிரீட்டை விட்டு வெளியே, கீழ்நோக்கித் தள்ளுகிறது. முழுச் சுமை இருக்கையில் அங்கே ஒரு கம்பியின் இழுப்பு ஏறத்தாழ 2.3 டன், சரிவு 31 பாகை என்பதால் கீழ்நோக்கிய தள்ளு விசை 1.2 டன்னுக்குச் சற்று மேல் வருகிறது. ஒரு மீட்டர் அகலத்தில் இப்படி ஐந்து கம்பிகள் தள்ளுகின்றன. அவற்றைத் தடுத்து நிற்பது கம்பிக்கு அடியில் உள்ள 20 மி.மீ. கவர் கான்கிரீட் ஒன்றுதான். கம்பியைத் தடிப்பாக்கினாலோ கான்கிரீட்டின் தரத்தைக் கூட்டினாலோ இந்தப் பிழை சரியாகாது.

காவேரிப்பட்டினம் அருகே ஒரு வீட்டில் இதன் முடிவைக் கண்டேன். லேண்டிங்கின் அடியில், மடிப்பு ஓடும் கோட்டிலேயே, படியின் முழு அகலத்துக்கும் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. பூச்சு வேலைதான் சரியில்லை என்று சொல்லி, விரிசலைக் கொத்திவிட்டு மீண்டும் பூசியிருந்தார்கள்; அது மறுபடியும் அதே கோட்டில் விட்டது. சுத்தியலால் மெதுவாகத் தட்டியபோது அந்தப் பட்டை மட்டும் பொள்ளலாக ஒலித்தது. பூச்சு விரிசலாக இருந்தால் அது அங்குமிங்கும் வலைபோல ஓடும். மடிப்பின் கோட்டை விட்டு விலகாமல் குறுக்கே நேராக ஓடினால் உள்ளே கம்பி வெளியே வரப் பார்க்கிறது என்று பொருள். கொத்திப் பார்த்ததில் கம்பி கவரைப் பிரித்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. ஸ்லாபுக்கு முட்டுக் கொடுத்து, மடிப்பின் அடியில் இரு சுவர்களிலும் உட்காரும்படி ஓர் இரும்பு பீம் வைத்தோம். கம்பி கட்டிய நாளில் ஒரு மணி நேரக் கூலியில் முடிந்திருக்க வேண்டிய வேலை, பல ஆயிரம் ரூபாயில் முடிந்தது.

சரியான முறை இதுதான். சரிவில் ஏறி வரும் அடிக்கம்பி மடிப்பில் வளையக் கூடாது. நேராகவே போய் லேண்டிங்கின் மேற்பரப்பை எட்டி, அங்கே கிடையாகத் திரும்ப வேண்டும். லேண்டிங்கின் அடிக்கம்பி தனித் துண்டாக, கிடையாகவே வெயிஸ்ட் ஸ்லாபுக்குள் நுழைந்து, படிகளின் பக்கம் உள்ள மேற்பரப்பை எட்டி, சரிவோடு கீழே இறங்க வேண்டும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் இரண்டும் மடிப்பில் ஒன்றையொன்று வெட்டிக் கடக்க வேண்டும். கடந்த பிறகு ஒவ்வொன்றும், கம்பி நழுவாமல் கான்கிரீட் பிடித்துக்கொள்ளத் தேவையான பிடிமான நீளம் முழுவதும் ஓட வேண்டும். எம்20 கான்கிரீட்டிலும் 500 தரக் கம்பியிலும் அது விட்டத்தைப் போல் 57 மடங்கு, அதாவது 12 மி.மீ. கம்பிக்கு ஏறத்தாழ 680 மி.மீ. ஒரு முழம் விட்டால் போதும் என்று கம்பி கட்டுபவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்திய தர நிர்ணய அமைப்பு 1987-இல் வெளியிட்ட SP 34 கையேட்டின் படங்களைக் காட்டுங்கள்.

பாலக்கோட்டுப் பொறியாளர் உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் மேஸ்திரி, “சார், கீழ் லேண்டிங்கிலும் இப்படித்தானே வளைத்திருக்கிறோம், அங்கே மட்டும் எப்படிச் சரி?” என்று கேட்டார். நல்ல கேள்வி. கீழ் மடிப்பில் அடிப்பரப்பு மேல்நோக்கித் திரும்புகிறது. அங்கே நேராகப் பார்க்கும் அடிக்கம்பி மேல்நோக்கி, கான்கிரீட்டுக்குள்தான் அழுத்துகிறது. ஆகவே அடிக்கம்பியை வளைத்தே கொண்டுபோகலாம். அந்த மடிப்பின் அடியில் பீம் இருந்து மேல்பக்கம் இழுபட்டால் மட்டும் கதை தலைகீழாகும். அப்போது அங்கே மேல்கம்பிகள் வெட்டிக் கடக்க வேண்டும்.

ஸ்லாபின் தடிமனைச் செங்குத்தாக அளப்பது

சரிவுக்கு நேர்க்குறுக்காக அளக்க வேண்டும். செங்குத்தாக 150 மி.மீ. வைத்தால் கிடைப்பது 129 மி.மீ. மட்டுமே.

குறுக்குக் கம்பியை அடியில் போடுவது

மெயின் கம்பிதான் அடியில். குறுக்குக் கம்பி அதன் மேல்.

கடந்துபோன கம்பிக்குச் சேர் வைக்காதது

மேல்கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் வளைகம்பிதான் சேர். அது இல்லாமல் கான்கிரீட் சட்டியோடு ஆட்கள் மிதித்தால் மேல்கம்பி அடியில் போய்விடும்.

பக்கவாட்டில் நீட்டிய படிக்கும் இதே முறையைக் கையாள்வது

ஒரு பக்கச் சுவரிலோ நடு பீமிலோ இருந்து தனித்தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் படி வேறு வகை. அங்கே இழுபடுவது மேற்பரப்பு. மெயின் கம்பி படியின் நீளவாக்கில், மேல்பக்கத்தில் ஓடி, தாங்கியினுள் பிடிமான நீளம் முழுவதும் நுழைய வேண்டும். அடியில் போட்ட கம்பி அந்தப் படியைத் தாங்காது.