"படிச்சிட்டேன்" என்றால் புத்தகத்தை மூடுங்கள்

பத்தாம் வகுப்புப் பிள்ளை "படிச்சிட்டேன்மா" என்கிறதா? புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, படித்ததைப் பார்க்காமல் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும்.

பாம்பனிலிருந்து என்னிடம் டியூஷன் வரும் பையன் ஓம் விதியைப் பலமுறை வாசித்திருந்தான். எழுதச் சொன்னால், "மின்னோட்டம் மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் இருக்கும்" என்று முடித்துவிட்டான். "மாறா வெப்பநிலையில்" என்ற நிபந்தனையைக் காணோம். வாசிக்க வாசிக்க வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தைத்தான் பிள்ளைகள் 'தெரியும்' என்று நம்பிவிடுகிறார்கள்.

அப்பா கடலுக்குப் போயிருந்தார். அம்மாவுக்கு அறிவியல் தெரியாது, தமிழ் வாசிப்பார். அது போதுமே! புத்தகத்தையும் தாளையும் பக்கத்தில் வைத்து, விடுபட்ட சொற்களைச் சிவப்புப் பேனாவில் எழுதிக் கொடுத்தார். மதிப்பெண் போடவில்லை, திட்டவும் இல்லை. மறுநாள் காலையில் ஒருமுறை, மூன்று நாள் கழித்து இன்னொருமுறை எழுதினான். மூன்றாவது தாளில் சிவப்பே இல்லை.

கணக்கு என்றால் விடையை மறைத்துவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள்.

பாடமே புரியாத பிள்ளைக்கு இது உதவாது. ஒரே இடத்தில் மூன்று தடவையும் தடுக்கினால், அந்தத் தாளோடு என்னிடம் அனுப்புங்கள்.