மினிமம் கட்டியாச்சே, அப்புறம் பில் எப்படிக் கூடியது?

மாதம் 3.75 சதவீதம். கிரெடிட் கார்டு விண்ணப்பத்தில் பொடி எழுத்தில் இருக்கும் இந்த எண்ணை நம் ஊர் வழக்கில் சொன்னால் மூணே முக்கால் வட்டி. தெருவில் ஒருவர் மூணே முக்கால் வட்டிக்குப் பணம் தருகிறேன் என்றால் நூறு முறை யோசிப்போம். அதே வட்டி பிளாஸ்டிக் அட்டையில் வரும்போது, வங்கி டெபாசிட்டுக்குச் சொல்லும் 7 சதவீதத்தோடு சேர்த்து மனம் அதைச் சின்ன எண்ணாக எடுத்துக்கொள்கிறது. டெபாசிட் வட்டி வருடத்துக்குச் சொல்வது, அட்டை வட்டி மாதத்துக்குச் சொல்வது. முதல் தவறு இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

மாதம் 3.75 என்றால் வருடம் 45. இதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 0.1233 சதவீதம், அதாவது 10,000 ரூபாய் பாக்கிக்கு நாளொன்றுக்கு 12 ரூபாய் 33 காசு. இந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்ன தீர்ப்பை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அந்த உச்சவரம்பும் இப்போது இல்லை.

ஐம்பதாயிரம் ரூபாய் பில், நாள் நாளாக

ஓர் அட்டைக்கு ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மே 20 அன்று 40,000 ரூபாய்க்கு ஃப்ரிட்ஜ். ஜூன் 10 அன்று 10,000 ரூபாய்க்குத் துணிமணி. ஜூன் 15-இல் வரும் பில் 50,000. கட்ட வேண்டிய கடைசி நாள் ஜூலை 5. குறைந்தபட்சத் தொகை, அதாவது மினிமம் டியூ, 5 சதவீதமான 2,500 ரூபாய். அட்டைக்காரர் ஜூலை 5 அன்று அந்த 2,500-ஐக் கட்டிவிட்டு, மீதி 47,500-க்கு அன்றிலிருந்து வட்டி ஓடும் என்று கணக்குப் போடுகிறார். பத்து நாளில் வரும் அடுத்த பில்லில் அறுநூறு ரூபாய் சொச்சம் வட்டி இருக்கும் என்பது அவர் நினைப்பு.

அவருக்கு வரும் வட்டி 3,221 ரூபாய்.

45, 50 நாள் வட்டியில்லாத காலம் என்பது முழுப் பில்லையும் கடைசி நாளுக்குள் கட்டுபவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகை. ஒரு பகுதி நின்றாலும் அந்தச் சலுகை பின்தேதியிட்டு ரத்தாகி, பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். ஃப்ரிட்ஜின் 40,000-க்கு மே 20 முதல் ஜூலை 4 வரை 46 நாள். துணியின் 10,000-க்கு ஜூன் 10 முதல் 25 நாள். ஜூலை 5-க்குப் பிறகு மீதி 47,500-க்கு, அடுத்த பில் நாளான 15 வரை 11 நாள். ஒவ்வொரு தொகையையும் அது நின்ற நாட்களால் பெருக்கிக் கூட்டினால் 26,12,500. இதற்கு ஒருநாள் வட்டி விகிதத்தைப் போட்டால் வருவதுதான் அந்த 3,221. ஜிஎஸ்டி 580 ரூபாய். ஆக, 2,500 கட்டிய பிறகும் ஜூலை 15 பில் 51,301. ஒரு ரூபாய்க்குக்கூடப் புதிதாகப் பொருள் வாங்காமலே!

எல்லா வங்கியும் இந்தக் கணக்கை ஒரே மாதிரி போடுவதில்லை. சில அட்டைகளில், கட்டிய தொகையை ஆரம்பத்திலேயே கழித்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் வாங்கிய நாளிலிருந்து வட்டி போடுவார்கள். மேலே உள்ள கணக்கில் அதனால் 140 ரூபாய் அளவுக்குத்தான் குறையும். ஆனால் 50,000-இல் 45,000 கட்டி 5,000 மட்டும் நிறுத்தியவருக்கு இந்த வித்தியாசம் மலையளவு. மேலே கணக்குப் போட்ட வகை அட்டையில், நின்றுபோன 5,000 ரூபாய்க்காக அவருக்கு ஏறும் வட்டி 2,645 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 3,121. உங்கள் அட்டை எந்த வகை என்று தெரிந்துகொள்ள, வங்கியின் ‘மிக முக்கிய விதிமுறைகள்’ ஆவணத்தில் வட்டிக்குக் கொடுத்திருக்கும் மாதிரிக் கணக்கைப் பாருங்கள். மற்ற பக்கங்களைப் படிக்காவிட்டாலும் அந்த அரைப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

மினிமம் கட்டினால் போதும் என்பது

அதே அட்டைக்காரர் ஆகஸ்ட் 5-லும் மினிமம் மட்டும் கட்டுகிறார். ஜிஎஸ்டி போன்றவற்றை மினிமத்தோடு முழுதாகச் சேர்த்துவிடுவது வழக்கம் என்பதால் இந்த முறை 3,145 ரூபாய் ஆகிறது. அதில் 580 ஜிஎஸ்டிக்குப் போக, கடனில் கழிவது 2,565. இதற்குள் போன மாத வட்டி 3,221-உம் பாக்கியோடு சேர்ந்துவிட்டதால், இப்போது வட்டி ஓடுவது 47,500-க்கு அல்ல, 50,721-க்கு. ஆகஸ்ட் 15 பில்லில் புது வட்டி 1,904, ஜிஎஸ்டி 343. இரண்டு தவணையில் 5,645 ரூபாய் கட்டியிருக்கிறார், பாக்கி 50,403. தொடங்கிய இடத்தைவிட 403 ரூபாய் அதிகம்.

மினிமம் கட்டுவது தாமதக் கட்டணத்தையும், கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் கெட்ட பெயர் வருவதையும் தடுக்கும். அதன் வேலை அவ்வளவுதான். மினிமம் மட்டும் கட்டிக்கொண்டே போனால் கடன் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுக்கும், கூட்டுவட்டி ஏறும் என்று ஒவ்வொரு பில்லிலும் பளிச்சென்று தெரியும்படி அச்சிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. அச்சிடத்தான் செய்கிறார்கள். வாட்ஸ்அப்பிலும் எஸ்எம்எஸ்ஸிலும் வரும் செய்தியில் மினிமம் தொகையும் கடைசி தேதியும் கண்ணில் படுகிற அளவுக்கு அந்த வரி படுவதில்லை, அதுதான் சிக்கல்.

தினமும் கூட்டுவட்டியா?

இந்திய அட்டைகளில் வட்டி தினமும் கணக்கிடப்படும். அசலோடு சேர்வது பொதுவாக மாதம் ஒருமுறை, பில் நாளில். அமெரிக்காவில் பல அட்டைகளில் இன்றைய வட்டி நாளைய அசலிலேயே சேர்ந்துவிடும், அதைத்தான் தினசரிக் கூட்டுவட்டி என்கிறார்கள். 45 சதவீத வட்டியை மாதாமாதம் கூட்டினால் வருடத்துக்கு 55.5 சதவீதம் ஆகும். தினமும் கூட்டினால் 56.8. பயமுறுத்தும் அந்தப் பெயருக்கு உள்ள பலம் இந்த 1.3 சதவீதம்தான். 45-ஐ 55 ஆக்குவது பாக்கியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது. அதன்மேல் ஜிஎஸ்டியையும் கூட்டினால் கையை விட்டுப் போவது 65 சதவீதத்துக்குமேல். கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலில் சேர்த்து அவற்றுக்கு வட்டி போடக்கூடாது என்று அதே 2022 விதி சொல்கிறது. பில்லில் அப்படிச் சேர்த்திருப்பது தெரிந்தால் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

தினக்கணக்கில் நமக்குச் சாதகமான பக்கம் ஒன்று உண்டு, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பாக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது கடைசி தேதிவரை காத்திருப்பது வீண். மேலே சொன்ன 50,721-க்கு நாளொன்றுக்கு வட்டியும் வரியும் சேர்த்து 74 ரூபாய் ஆகிறது. கையில் பணம் இருந்தும் ஜூலை 17-இல் கட்டாமல் ஆகஸ்ட் 5-இல் கட்டினால் 1,400 ரூபாய் போச்சு. சம்பளம் வந்த அன்றே கட்டலாம். பத்தாயிரம் வந்தால் பத்தாயிரம், மூவாயிரம் வந்தால் மூவாயிரம் என்று துண்டு துண்டாகவும் கட்டலாம், வங்கி ஏற்றுக்கொள்ளும். கட்டிய தொகைக்கு வட்டி அன்றோடு நிற்கும்.

பாக்கி இருக்கும்போதே அதே அட்டையில் மளிகை வாங்குவது

முந்தைய பில் முழுதாகத் தீராதவரை புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லாத காலம் கிடையாது. ஜூலை 20 அன்று 6,000 ரூபாய்க்கு மளிகை வாங்கினால், அன்றே நாளுக்கு 7 ரூபாய் 40 காசு ஓட ஆரம்பிக்கும். ஆகஸ்ட் 15 பில்லுக்குள் 200 ரூபாய் வட்டி, 36 ரூபாய் ஜிஎஸ்டி. இதில் கிடைக்கும் ரிவார்டு பாயிண்ட்டின் மதிப்பு அறுபது ரூபாய் தேறினால் பெரிது. பாக்கி தீரும்வரை அந்த அட்டையை அலமாரியில் வைத்துவிட்டு டெபிட் கார்டிலோ ரொக்கத்திலோ வாங்குவதுதான் சரி. அட்டையைக் கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுப்பது இதைவிட மோசம். முழுப் பில்லையும் ஒழுங்காகக் கட்டுபவருக்கும் அதில் எடுத்த நாளிலிருந்தே வட்டி உண்டு, எடுப்பதற்கென்று தனிக் கட்டணமும் உண்டு.

‘மூன்று நாள் சலுகை’, முழுதாகக் கட்டிய பிறகு வரும் பில்

கடைசி தேதி தாண்டி மூன்று நாள்வரை தாமதக் கட்டணம் போடக்கூடாது, கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தெரிவிக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு, கடைசி தேதியே மூன்று நாள் தள்ளிப்போகிறது என்று எண்ணுபவர்கள் உண்டு. அந்தச் சலுகை கட்டணத்துக்கும் பதிவுக்கும்தான். வட்டியில்லாத காலம் 5-ஆம் தேதியே முடிந்துபோகும்.

இன்னொன்று, ஒழுங்காகக் கடனை அடைப்பவரையே சிக்கவைப்பது. ஜூலை 15 பில்லின் 51,301-ஐ ஒரு ரூபாய் விடாமல் ஆகஸ்ட் 5 அன்று கட்டிவிடுகிறார், அட்டையையும் தொடவில்லை. ஆகஸ்ட் 15-இல் 1,476 ரூபாய்க்கு ஒரு பில் வரும். ஜூலை 16 முதல் ஆகஸ்ட் 4 வரை 20 நாள் பாக்கி நின்றதற்கான வட்டியும் வரியும் அது. தவறாக வந்த பில் என்று ஒதுக்கினால் அதன்மேல் தாமதக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும். வாடிக்கையாளர் சேவை எண்ணில் அழைத்து, ‘இன்றைய தேதிக்கு வட்டியோடு சேர்த்து எவ்வளவு கட்டினால் கணக்கு பூஜ்யம் ஆகும்’ என்று கேட்டு, சொன்ன தொகையை அன்றே கட்டுங்கள். அடுத்த பில்லில் பூஜ்யம் தெரிந்த பிறகு பழையபடி அட்டையைப் பயன்படுத்தலாம்.

மொத்தமாகக் கட்ட முடியாது என்று முன்கூட்டியே தெரிந்தால், கடைசி தேதிக்கு முன்பே பில்லை இஎம்ஐ-ஆக மாற்றிக் கேளுங்கள். செயல்முறைக் கட்டணமும் வட்டிமேல் ஜிஎஸ்டியும் உண்டு, ஆனாலும் வட்டி 45-ஐவிட வெகுவாகக் குறையும். மாற்றியபின் மீதித் தொகையைக் கடைசி நாளுக்குள் கட்டத் தவறினால் இத்தனை கணக்கும் அந்த மீதிக்குப் பொருந்தும். வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக்கடன் மலிவான வழிகளில் ஒன்று. அங்கே வருட வட்டி, அட்டை வட்டியில் நாலில் ஒரு பங்கை ஒட்டி வரும். நகையை அடகு வைக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு மாதாமாதம் மூணே முக்கால் வட்டி கட்டுபவர்கள் நிறையப் பேர்.