‘பெரிய’ என்றால் ஹியூஜ் இல்லை: ஆங்கிலத்தில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனு, அறிக்கை, கடிதம் என்று தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பது என் வேலை. இப்போது இரண்டு பேர் என்னிடம் தொழில் பழகுகிறார்கள். போன வாரம் அவர்களில் ஒருவர் ஒரு விவசாயிகள் குழுவின் விண்ணப்பத்தை மொழிபெயர்த்துக் கொண்டுவந்தார். இரண்டு பக்கத்துக்குள் ‘ஹியூஜ்’ ஆறு இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றையும் வட்டம் போட்டுக்கொண்டே வந்தபோது, கஜா புயல் வந்த வருஷம் நானே எழுதிய கடிதம் ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது.

எழுத்துப்பிழை, ஒருமை பன்மைக் குழப்பம் எல்லாம் பழகப் பழகத் தானாகச் சரியாகிவிடும். பிக், லார்ஜ், ஹியூஜ், எனார்மஸ் இந்த நான்கையும் மாற்றிப் போடுவது அப்படிச் சரியாவதில்லை. வாக்கியத்தில் இலக்கணப்பிழை எதுவும் இருக்காது என்பதால், எழுதியவர் கண்ணில் அது படவே படாது.

நான்கையும் ஏணிப்படி என்று நினைப்பது

பிக்கைவிட லார்ஜ் கொஞ்சம் பெரிது, அதைவிட ஹியூஜ் பெரிது என்று பலர் மனதில் ஒரு வரிசை இருக்கிறது. பிக்கும் லார்ஜும் அளவில் ஒன்றுதான். எந்தச் சொல்லோடு சேர்கின்றன, யார் பேசுவதுபோல் ஒலிக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. ஒரு வீட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் பிக் ஹவுஸ் என்பார். அதே வீட்டை மதிப்பீட்டு அறிக்கை லார்ஜ் ஹவுஸ் என்று எழுதும். இரண்டும் சரி.

ஆனால் தவறு, முடிவு, பிரச்சினை போன்ற கண்ணால் பார்க்க முடியாதவற்றோடு பிக்தான் இயல்பாகச் சேரும். லார்ஜ் மிஸ்டேக் என்று யாரும் சொல்வதில்லை. எண்ணிக்கை, தொகை, அளவு, சதவீதம் என்று வந்தால் எழுத்தில் லார்ஜ். லார்ஜ் நம்பர், லார்ஜ் அமவுண்ட். சட்டை காலரில் இருக்கும் அளவுச் சீட்டிலும் லார்ஜ்தான் இருக்கும், பிக் இருக்காது. இந்தச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு ‘தாராளமான, ஏராளமான’ என்று பொருள். அளந்து பார்க்கிற இடத்தில் லார்ஜ் என்று மனதில் வைத்துக்கொள்ள அது எனக்கு உதவியது.

ஊர்ப் பெரிய மனிதரை லார்ஜ் மேன் என்பது

உடம்பு பெருத்தவர் என்று பொருளாகிவிடும்.

வெரி ஹியூஜ், வெரி எனார்மஸ்

‘மிக’ ஏற்கெனவே அந்தச் சொற்களுக்குள் இருக்கிறது. வெரியை எடுத்துவிடுங்கள்.

பெரு, பேர் என்று வந்த இடமெல்லாம் ஹியூஜ் போடுவது

இதைத்தான் இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இதற்கு விலையும் கொடுத்திருக்கிறேன்.

தமிழில் பெரு, பேர் என்ற முன்னொட்டு சத்தம் போடாது. பேருந்து என்றால் யாரும் அதன் அளவைப் பார்த்து வியப்பதில்லை. பேராசிரியர், பெருநகரம், பெருமழை என்று நாள் முழுக்கப் புழங்குகிறோம். மனு எழுதும்போது பேரிழப்பு, பெரும் துயரம், மிகப்பெரிய உதவி என்று எழுதுவது நம் மரியாதை. படிக்கிற தாசில்தாருக்கும் அது உறுத்தாது. ஹியூஜ் அப்படியில்லை. அது பொருளின் அளவோடு சேர்த்துச் சொல்கிறவரின் வியப்பையும் காட்டுகிறது. ஒரு கடிதத்தில் ஒருமுறை வந்தால் அதற்கு மதிப்பு உண்டு. நான்காவது முறை வரும்போது, எழுதியவர் எதையும் எண்ணிப் பார்க்கவில்லை என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை சாய்ந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே சில குடும்பங்கள் சேர்ந்து வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றுக்கு உதவி கேட்டு எழுதின. மொழிபெயர்ப்பு என்னுடையது. புயல் ஹியூஜ், மரங்கள் ஹியூஜ், விழுந்த எண்ணிக்கை ஹியூஜ், கடைசியில் நன்றியும் ஹியூஜ். இழப்பு எனார்மஸ். கையில் இருந்த தமிழ் மனுவின் இணைப்பில், 11 குடும்பங்களின் 640 மரங்களில் 410 விழுந்தன என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். கடிதத்திலேயே எல்லாம் சொல்லியாகிவிட்டதே என்று அந்தத் தாளை நான் மொழிபெயர்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. எத்தனை மரம், எவ்வளவு வருமானம், மீண்டும் காய்க்க எத்தனை வருஷம் என்று மூன்றே கேள்விகள். நாங்கள் பதில் அனுப்பிச் சேர்வதற்குள் அந்த வருஷத்து ஒதுக்கீடு முடிந்துவிட்டது. குழுவின் செயலாளரான அக்கா என்னைக் குறையே சொல்லவில்லை. “நம்ம கஷ்டம் அவங்களுக்குப் புரியலையா தம்பி?” என்று மட்டும் கேட்டார். கஷ்டம் உண்மை. அதைச் சொல்ல நான் எடுத்த சொல்தான் அதை மறைத்துவிட்டது.

இன்று அந்தக் கடிதம் வந்தால் எப்படி எழுதுவேன் என்று, பழகுகிறவர்களுக்கு வரி வரியாகக் காட்டினேன். புயலுக்கு சிவியர் போதும். வானிலைத் துறையே புழங்கும் சொல் அது. மரங்களுக்கு ஹியூஜ் தேவையே இல்லை. எத்தனை வருஷத்து மரம் என்று போட்டால் அதன் உயரம் தானாகத் தெரியும். ஹியூஜ் நம்பர் என்ற இடத்தில் 640க்கு 410 என்ற எண்ணே வரவேண்டும். வருமானம் பற்றிய வரியில் லார்ஜ் பார்ட், அதாவது வருமானத்தின் பெரும்பகுதி. பேரிழப்புக்கு ஆங்கிலத்தில் ஹெவி லாஸ், பெருமழைக்கு ஹெவி ரெயின். நாம் ‘பெரு’ என்கிற இடத்தில் அவர்கள் ‘கனம்’ என்கிறார்கள். நன்றிக்கு அடைமொழியே வேண்டாம்.

அப்புறம் எனார்மஸ். அதன் மூலப்பொருள் ‘அளவுகோலைத் தாண்டியது’ என்பது. அந்த அளவுகோல் எது என்று முன்வரியில் சொல்லியிருந்தால் அந்தச் சொல் உட்காரும். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும், அதுவரை அந்த நிலத்தில் தேங்காய் வருமானம் இல்லை என்று எழுதிவிட்டு, சிறு விவசாயிக்கு இது எனார்மஸ் என்று ஒரே ஒரு முறை சொல்லலாம். அங்கே அது அலங்காரம் இல்லை.

எது சேரும் என்று சந்தேகம் வந்தால் சொற்சேர்க்கை அகராதியைத் திறங்கள். அங்கே ஹியூஜைத் தேடாமல் ‘லாஸ்’ என்ற பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். அதோடு வழக்கமாக வரும் அடைமொழிகள் வரிசையாக இருக்கும்.

எனார்மஸ் இருப்பதால் எனார்மிட்டி என்று எழுதுவது

அதில் கொடுமை என்ற பொருளும் இருக்கிறது. உதவியின் அளவைச் சொல்ல அந்தச் சொல் வேண்டாம்.

துக்கக் கடிதத்தில் லார்ஜ்

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டு, எங்கும் லார்ஜ் போட்டால் பத்திரம் என்று சிலர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு லார்ஜ் லாஸ் என்று எழுதினால் கணக்குப் புத்தகத்தில் விழுந்த நஷ்டம் மாதிரி இருக்கும். அங்கே கிரேட் லாஸ். மகிழ்ச்சி, துயரம், மரியாதை, அக்கறை என்று மனதைச் சேர்ந்தவை வரும்போதெல்லாம் கிரேட் ஒத்துப்போகும். ‘பெருமகிழ்ச்சி’யின் பெருவுக்கு அதுதான் சரியான இணை. பழகுகிறவரின் விண்ணப்பத்தில் வட்டம் போட்ட ஆறில் இரண்டு கிரேட் ஆனது, ஒன்று லார்ஜ், மூன்றில் எண் வந்தது. ஹியூஜ் ஒன்றும் மிஞ்சவில்லை.