பிடிஎஃப் விதிக் கடிதம்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கல்லூரி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கைக்கு இந்த வேலை வந்துவிடும். அசைன்மென்ட் பிடிஎஃபுக்கு என்ன பெயர், என்ன அளவு, என்ன வடிவம் என்று மாணவர்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். கடைசித் தேதியைத் தவறாகப் போடுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது, படிக்கும்போது சரியாகவே தோன்றும் வரிகளைப் பற்றி.

கோப்புக்கு ஆள் பெயரை வைக்கச் சொல்வது

"அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர், அடுத்து பாடக் குறியீடு." இந்த வரியைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. சிங்கப்பூரில் நம்மவர் பலருடைய அடையாள அட்டைப் பெயரில் s/o அல்லது d/o இருக்கிறது. விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் அந்தச் சாய்கோட்டைப் போடவே முடியாது. `\ / : * ? " < > |` என்ற ஒன்பது குறிகளுக்கும் அங்கே இடமில்லை. ஆக, கடிதத்தில் உள்ளபடியே செய்ய நினைக்கும் மாணவரால் அதைச் செய்ய முடியாது. ஒருவர் கோட்டை எடுத்துவிட்டு so என்று எழுதுவார், இன்னொருவர் s-o என்பார், மற்றொருவர் அப்பா பெயரையே விட்டுவிடுவார். மேக் வைத்திருப்பவருக்கு வேறு சிக்கல். திரையில் சாய்கோடு ஏறிவிடும், ஆனால் உள்ளே அது `:` ஆகத்தான் சேமிக்கப்படும். விண்டோஸுக்கு அதுவும் ஆகாது, அதனால் கோப்பு நம்மிடம் வரும்போது பெயர் மாறியிருக்கலாம்.

ஒருமுறை ஒரு மாணவர், அசைன்மென்ட் அனுப்பவில்லை என்று நாங்கள் அனுப்பிய எச்சரிக்கைக் கடிதத்துடன் கவுண்டருக்கு வந்து நின்றார். கைப்பேசியில் அனுப்பிய நேரம் அப்படியே இருந்தது, கெடுவுக்கு முந்தின நாள் மாலை. தேடிப் பார்த்தால் கோப்பும் எங்கள் ஃபோல்டரிலேயே இருந்தது. எங்கள் எக்செல் பட்டியலில் s/o என்று இருந்த பெயர், கோப்பில் so என்று இருந்ததால் இரண்டும் பொருந்தவில்லை. விதியைப் பின்பற்றப் பார்த்த பிள்ளை, விதியை மீறியவராகப் பட்டியலில் வந்துவிட்டார். இதில் அவர் தப்பு எதுவுமே இல்லை, அந்த வரியை எழுதிய அலுவலகத்தின் தப்பு.

மாணவர் எண்ணை முதலில் வைக்கச் சொல்லுங்கள், பெயரே வேண்டாம். கடிதத்தில் விளக்கத்தைவிட மாதிரி முக்கியம், இப்படி ஒன்றைத் தனி வரியில் போடுங்கள்:

```
2412345_TML201_A02.pdf
```

இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு. A2 வேண்டாம், A02 போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சில கணினிகளில் A10 முன்னால் வந்து A2 பின்னால் போய்விடும். ஒவ்வொரு அசைன்மென்ட்டுக்கும் தனி ஃபோல்டர் வைத்து, வந்த கோப்புப் பெயர்களை எக்செலில் A பத்தியிலும் மாணவர் எண்களை D பத்தியிலும் ஒட்டினால், இந்த ஒரு வரி போதும்:

```
=COUNTIF(A:A, D2&"*")
```

0 வந்தால் கோப்பு வரவில்லை. 2 வந்தால் இரண்டு முறை அனுப்பியிருக்கிறார், எதைத் திருத்தக் கொடுப்பது என்று கேட்க வேண்டும். 0 வந்தவருக்கு எச்சரிக்கை அனுப்பும் முன் ஃபோல்டரை ஒருமுறை கண்ணாலும் பாருங்கள்.

பெயருக்குப் பதில் அடையாள அட்டை எண்ணைக் கேட்கலாமே என்று சிலர் யோசிப்பார்கள். கேட்காதீர்கள். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தேவைப்பட்டாலோ ஆளை மிக உறுதியாக அடையாளம் காண வேண்டியிருந்தாலோ தவிர, தனியார் அமைப்புகள் அந்த எண்ணைச் சேகரிக்கக் கூடாது. அசைன்மென்ட்டுக்கு அந்த அவசியம் கிடையாது.

அளவை மட்டும் சொல்லி, வழியைச் சொல்லாமல் விடுவது

"10 எம்பிக்குள்" என்று மட்டும் எழுதினால், கையெழுத்துப் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து ஒட்டுபவர் தவித்துப் போவார். 300 டிபிஐயில் ஒரு ஏ4 பக்கம் 2480க்கு 3508 புள்ளிகள். வண்ணத்தில், சுருக்காமல் இருந்தால் அந்த ஒரு பக்கமே ஏறக்குறைய 26 எம்பி. 150 டிபிஐக்கு இறக்கினால் அதில் கால் பங்கு, சாம்பல் நிறத்துக்கு மாற்றினால் அதிலும் மூன்றில் ஒரு பங்கு. ஸ்கேன் செயலி இன்னும் சுருக்கித் தரும். ஆகவே "150 டிபிஐ, சாம்பல் நிறம்" என்று அளவுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். படிக்கத் தெளிவாகவே இருக்கும்.

மின்னஞ்சலில் வாங்குவதானால் இன்னொன்று. இணைப்பு அனுப்பப்படும்போது அதன் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 20 எம்பி கோப்பு 25 எம்பி வரம்பைத் தாண்டித் திரும்பி வருவது அதனால்தான்.

"பிடிஎஃபாக மாற்றவும்" என்று விட்டுவிடுவது

வேர்டு கோப்பின் கடைசியில் .docx என்பதை அழித்துவிட்டு .pdf என்று எழுதி அனுப்புபவர்கள் உண்டு. அது திறக்காது. "Save As போய் PDF தேர்ந்தெடுக்கவும்" என்று எழுதுங்கள். விண்டோஸ் வழக்கமாகக் கோப்பின் வால்பெயரை மறைத்து வைப்பதால், பிறகு கோப்பின் பெயரை மாற்றும்போது .pdf என்றும் தட்டினால் .pdf.pdf ஆகிவிடும் என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

தட்டச்சு செய்த கட்டுரையை அச்சடித்துப் படமெடுத்து அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நகல் சோதிக்கும் மென்பொருளுக்கு எழுத்து வேண்டும், படத்தில் அது இருக்காது. கோப்பைத் திறந்து ஒரு வார்த்தையை இழுத்துத் தேர்ந்தெடுக்க முடிந்தால் சரி.

கடவுச்சொல்

போடக் கூடாது என்று எழுதுங்கள்.

அனுப்பும் முன்

மாதிரிப் பெயரை நீங்களே ஒரு விண்டோஸிலும் ஒரு மேக்கிலும் தட்டிப் பார்த்துவிட்டுக் கடிதத்தை அனுப்புங்கள்.