ஏஐ பாட்டின் டிரம்ஸை எடுத்துவிட்டு நம் பறையை வைப்பது எப்படி?

ஆடி மாதம் சேலம் கோட்டை மாரியம்மன் திருவிழாவை ஒட்டி ஊரெல்லாம் புதுப் பாட்டுகள் ஒலிக்கும். இப்போது அதில் பல ஏஐ செய்தவை. குரலும் மெட்டும் ஓரளவு தேறிவிடுகின்றன, தாளம்தான் எல்லாவற்றிலும் ஒரே டிரம் மெஷின் மாதிரி இருக்கிறது. அந்த டிரம்ஸை மட்டும் பிரித்தெடுத்து, அந்த இடத்தில் நாமே அடித்த பறையை வைப்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். லேப்டாப், வயர் உள்ள இயர்போன், ஒலிப்பதிவு செய்ய ஒரு போன் இருந்தால் போதும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்த மென்பொருளில் பிரித்தாலும் பழைய டிரம்ஸ் முழுதாகப் போகாது. அதன் நிழல் குரலிலும் பேஸிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏஐ பாட்டில் இது இன்னும் கூடுதல். அங்கே டிரம்ஸ் தனியாக, குரல் தனியாகப் பதிவானதே கிடையாது, எல்லாம் ஒரே கலவையாகவே பிறந்தது. அதனால் நிழலைத் துடைக்கப் போராடுவதைவிட, நம் அடி சரியாக அந்த நிழலின் மேலேயே விழும்படி செய்வதுதான் வழி. கீழே வரும் எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

1. பாட்டை உருவாக்கும்போதே

பறை வைக்கப் போகிறோம் என்பதால் ஏஐயிடம் பாட்டைக் கேட்கும்போதே "பறை, உறுமி போட்டு" என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். டிரம்ஸைப் பிரிக்க நாம் பயன்படுத்தப் போகும் டெமக்ஸ் என்ற இலவச மென்பொருள், பெரும்பாலும் மேற்கத்திய பாப், ராக் பாடல்களைக் கேட்டுப் பழகியது. டிரம் செட்டின் கிக், ஸ்நேர், ஹை-ஹேட் என்றால் அதற்கு நன்றாகத் தெரியும். உறுமியின் இழுப்பு வந்தால் குழம்பிப்போய்ப் பாதியை டிரம்ஸிலும் மீதியைப் பேஸிலோ மற்ற வாத்தியங்களிலோ போட்டுவிடும். அதனால் எதிரொலி குறைந்த, சாதாரண டிரம் செட் உள்ள பாட்டாகக் கேளுங்கள். கைத்தட்டல் வேண்டாம். எது சுத்தமாகப் பிரியுமோ அதை வாங்கி, நமக்கு வேண்டியதை அங்கே வைப்போம்.

முடிந்தால் எம்பி3 ஆக இல்லாமல் `wav` கோப்பாக இறக்குங்கள்.

2. பிரிப்பது

ஏஐ பாட்டுகள் ஒலியின் உச்ச வரம்பை முட்டிக்கொண்டிருக்கும். அப்படியே கொடுத்தால், பிரிந்த ஒரு துண்டு வரம்பைத் தாண்டும்போது டெமக்ஸ் அந்தத் துண்டின் ஒலியை மட்டும் தானாகக் குறைத்துவிடும். பிறகு நான்கையும் சேர்க்கும்போது குரலுக்கும் பேஸுக்கும் இருந்த விகிதம் மாறிப்போயிருக்கும். அதனால் முதலில் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் பாட்டைத் திறந்து, Amplify-இல் -6 டெசிபல் கொடுத்து, `paattu.wav` என்று சேமியுங்கள். கணினியில் பைதான் இருக்க வேண்டும். அப்புறம் அந்தக் கோப்பு இருக்கும் போல்டரில் டெர்மினலைத் திறந்து இவற்றை ஒவ்வொன்றாக அடியுங்கள்:

```
python -m pip install demucs soundfile "torchaudio<2.9"
python -m demucs -n htdemucs_ft paattu.wav
```

`htdemucs_ft` என்பது டெமக்ஸின் மெருகேற்றிய மாடல். சாதாரண `htdemucs`-ஐவிட நான்கு மடங்கு நேரம் எடுக்கும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் மூன்று நிமிடப் பாட்டுக்குக் கால் மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். கட்டளை அடிப்பது பிடிக்காதவர்கள் அல்டிமேட் வோக்கல் ரிமூவர் என்ற இலவச மென்பொருளில் இதே மாடலைப் பொத்தானை அழுத்தியே ஓட்டலாம்.

முடிந்ததும் `separated/htdemucs_ft/paattu` என்ற போல்டரில் `drums.wav`, `bass.wav`, `vocals.wav`, `other.wav` என்று நான்கு கோப்புகள் இருக்கும். இவைதான் ஸ்டெம்கள். நான்கையும் ஒரே ஆடாசிட்டி கோப்பில் இழுத்துப் போடுங்கள்.

3. கசிவைக் கேட்டுப் பார்ப்பது

ஒவ்வொன்றையும் தனியாக, இயர்போனில் கேளுங்கள். யாரும் பாடாத இடத்தில் `vocals.wav`-இல் "ட்ஸ் ட்ஸ்" என்று சன்னமாக ஹை-ஹேட் கேட்கும். அந்த இடங்களைத் தேர்ந்தெடுத்து மௌனமாக்கி, இரு ஓரங்களிலும் சின்ன ஃபேட் கொடுங்கள். பாடும் இடத்தில் இருப்பதைத் தொட வேண்டாம், குரல் கெட்டுவிடும்.

`bass.wav`-இல் கிக்கின் "தும்" ஒட்டியிருக்கலாம். `other.wav`-இல் இன்னொன்று இருக்கும்: ஸ்நேர் போன பிறகும் அதன் எதிரொலி மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். கிக் விழும்போதெல்லாம் மற்ற வாத்தியங்கள் ஒரு கணம் அமுங்கி எழுவதையும் சில பாட்டுகளில் கேட்கலாம். இதையெல்லாம் பிரித்தெடுக்க முடியாது. அந்த இடத்தில் நம் பறை விழுந்தால் காதுக்குத் தெரியாது, விழாவிட்டால் பாட்டு மூச்சுத் திணறுவது போலிருக்கும். எங்கே அடிக்காமல் விடக் கூடாது என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

4. உண்மையான வேகத்தைக் கண்டுபிடிப்பது

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இது. ஏஐயிடம் பாட்டைக் கேட்டபோது நிமிடத்துக்கு 96 அடி என்று எழுதியிருப்போம், அதை நம்பி மெட்ரோனோம் வைத்து அடிப்போம். ஏஐ 96 என்று துல்லியமாகத் தர வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

`drums.wav`-ஐப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். முதல் அடி 4.02 வினாடியில் விழுகிறது. அங்கிருந்து நான்கு நான்காக எண்ணிக்கொண்டே போனால், 64 சுற்று முடிந்து 65-ஆவது சுற்றின் முதல் அடி 163.52 வினாடியில் இருக்கிறது. அதாவது 256 அடிக்கு 159.5 வினாடி. 256-ஐ 60-ஆல் பெருக்கி 159.5-ஆல் வகுத்தால் 96.3 வருகிறது. வெறும் 0.3 தானே என்று விட்டால், மூன்று நிமிடத்தில் கிட்டத்தட்ட ஒரு முழு அடி தள்ளிப்போயிருப்போம்.

சரி, 96.3 என்று வைத்துக்கொண்டால் போதுமா? நடுவில் ஒரு இடத்தையும் பாருங்கள். 33-ஆவது சுற்று 83.77-இல் தொடங்க வேண்டும். அது 83.70-இல் தொடங்கினால், பாட்டு முன்பாதியில் கொஞ்சம் ஓடிப் பின்பாதியில் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் மெட்ரோனோமை மறந்துவிடுங்கள். தூக்கி எறிய நினைத்த `drums.wav`-தான் இனி நம் வழிகாட்டி. வேகம் சீராக இருந்தாலும்கூட நான் அதை வைத்தே அடிக்கச் சொல்வேன்.

5. பறையைப் பதிவு செய்வது

அடிப்பவருக்கு எண்ணிக்கை வேண்டும். `drums.wav`-இல் முதல் சுற்றை (2.49 வினாடி) நகலெடுத்து, 1.53-இலிருந்து 4.02 வினாடி வரை தேர்ந்தெடுத்து அதன் மேல் ஒட்டுங்கள். இப்போது பாட்டின் தாளம் நுழைவதற்கு முன் ஒரு சுற்று கேட்கும். டிரம்ஸ் சற்றுத் தூக்கலாக இருக்கும்படி முழுப் பாட்டையும் அடிப்பவரின் இயர்போனில் ஓட்டுங்கள். ப்ளூடூத் கூடாது, அதில் ஒலி தாமதமாகத்தான் காதுக்குப் போகும்.

பதிவு போனில் நடக்கட்டும். பறை சத்தம் பெரியது என்பதால் போனை ஆறு, ஏழு அடி தள்ளி, தோலுக்கு நேரெதிராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். அலைவடிவத்தின் தலை தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் இன்னும் தள்ளி வைக்க வேண்டும். தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி போனில் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

இடம் முக்கியம். சேலத்து வெயிலில் தோல் விறைப்பாகவே நிற்கும், ஆனால் தெருச் சத்தம் அதிகம். அமைதிக்காக ஏற்காடு போனால், பனி ஏறியதும் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். பறையைத் தீயில் காய்ச்சியதும் உடனே பதிவைத் தொடங்குங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஒரே ஒரு அடி அடித்து விடுங்கள். பிறகு பல பதிவுகளிலிருந்து துண்டுகளைச் சேர்க்கும்போது, அந்த ஓர் அடியை ஒப்பிட்டாலே எவை ஒத்துப்போகும் என்று தெரிந்துவிடும்.

எங்களுக்கு அடித்துக் கொடுக்கும் தம்பி ஒருவர் முதலில் கேட்டது: "அண்ணா, அவன் அடிக்கிற மாதிரியேவா அடிக்கணும்?" வேண்டியதில்லை. கிக்கும் ஸ்நேரும் விழும் இடத்தில் அடிக்குச்சி விழுந்தால் போதும், நடுவில் சிம்புக்குச்சியால் என்ன வேண்டுமானாலும் நிரப்பலாம். எண்ணிக்கைச் சுற்றின் நான்கு அடியையும் அவர் சேர்ந்து அடிக்க வேண்டும். அது அடுத்த படிக்குத் தேவை.

அப்புறம் ஜால்ராவைத் தனியாக இன்னொரு பதிவில் எடுங்கள். மிச்சமிருக்கும் ஹை-ஹேட் நிழலை மறைக்க அதைவிட நல்லது எதுவும் இல்லை.

6. பொருத்துவது

போன் பதிவை ஆடாசிட்டியில் போட்டு, எண்ணிக்கைச் சுற்றில் அவர் அடித்த முதல் அடியின் முனையை 1.53-இல் உள்ள டிரம்ஸ் அடியின் முனையோடு சேருங்கள். மற்ற மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு பாட்டின் கடைசிக்குப் போங்கள். போனின் கடிகாரமும் லேப்டாப்பின் கடிகாரமும் துளி வித்தியாசப்படும், கடைசியில் மட்டும் எல்லா அடியும் ஒரே பக்கம் விலகியிருந்தால் காரணம் அதுதான்.

இனி `drums.wav`-ஐ மௌனமாக்கிக் கேளுங்கள். "தட்" என்று கேட்க வேண்டியது "ததட்" என்று இரட்டையாகக் கேட்டால், நம் அடி நிழலிலிருந்து விலகியிருக்கிறது. 20 மில்லிவினாடிக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் போனால் அந்தச் சுற்றை மட்டும் வெட்டி நகர்த்துங்கள். ஒவ்வொரு அடியாக நகர்த்தினால் எல்லாம் சரியாக இருக்கும், பறையின் நடை மட்டும் செத்துப்போயிருக்கும். அப்புறம் டிரம் மெஷினையே வைத்திருக்கலாமே.

7. அடிவயிற்றுச் சத்தம்

பறையில் கிக்கின் ஆழம் கிடையாது, அதனால் பாட்டு திடீரென்று ஒல்லியாகிவிட்டது போலிருக்கும். `drums.wav`-இன் ஒரு நகலுக்கு Low-Pass Filter போட்டு, 100 ஹெர்ட்ஸ், Roll-off 24 என்று கொடுங்கள். ஸ்நேரும் ஹை-ஹேட்டும் மறைந்து கிக்கின் அடிப்பகுதி மட்டும் நிற்கும். பறைக்கு High-Pass Filter 120 ஹெர்ட்ஸில் போட்டு இரண்டையும் சேர்த்தால், பறையே ஆழமாக அதிர்வது போல் கேட்கும். அந்த நகலின் ஒலியை, அணைத்தால்தான் வித்தியாசம் தெரியும் என்ற அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள். `other.wav`-இல் தொங்கும் எதிரொலியோடு ஒட்டிப்போக, பறைக்கும் சின்ன அறை அளவு எதிரொலி கொடுக்கலாம்.

பாட்டு கோயில் குழாய் ஸ்பீக்கரில் ஓடப் போகிறது என்றால் இந்தப் படியே வேண்டாம். குழாயில் அவ்வளவு கீழான ஒலி வெளியே வராது. அதற்குப் பதில் பறையைக் கொஞ்சம் தூக்கி, ஜால்ராவை நன்றாகக் குறைத்து, 16 பிட் `wav` ஆக ஏற்றுமதி செய்யுங்கள். குழாயில் ஜால்ரா காதைக் கிழிக்கும்.