இந்த ஒயின் இனிக்குமா?

கடையில் நின்றபடி நண்பர் ஒரு ஜெர்மன் பாட்டிலின் லேபிளைப் படமெடுத்து அனுப்பினார்: “இது இனிக்குமா?” லேபிளில் ‘மோசல் ரீஸ்லிங் ஸ்பேட்லேசே’ என்றிருந்தது. மோசல் என்பது ஊர்ப்பகுதி, ரீஸ்லிங் என்பது திராட்சை. சரி, ஸ்பேட்லேசே? தாமதமாகப் பறித்த, நன்கு பழுத்த பழம் என்றுதான் அதற்குப் பொருள். ஒயின் இனிக்கும் என்ற உறுதி அதில் இல்லை. கூடவே ‘ட்ராக்கன்’ என்றிருந்தால் இனிப்பு இராது. ‘ஃபைன்ஹெர்ப்’ என்றால் இலேசாக இனிக்கும்.

இரண்டுமே இல்லையா? படத்தைப் பெரிதாக்கி ஆல்கஹால் அளவைப் பாருங்கள். பழச்சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹாலாகிறது. அவர் படத்தில் மூலையில் பொடி எழுத்தில் 8% இருந்தது. அப்படியென்றால் நொதித்தலைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள், மீதிச் சர்க்கரை உள்ளேயே நிற்கிறது; நன்றாகவே இனிக்கும். 12 சதவீதத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் இனிக்காது.